நகைக்கடன் மலிவு என்பது பாதிக் கணக்கு

வீட்டில் நகை இருக்கும்போது பர்சனல் லோன் வாங்குபவன் கணக்குத் தெரியாதவன். தமிழ்நாட்டில் இதற்கு மறுபேச்சு கிடையாது. வங்கி மேலாளர் இதைத்தான் சொல்கிறார், மாமனார் இதைத்தான் சொல்கிறார், பத்திரிகைகளின் சேமிப்புப் பக்கமும் இதைத்தான் எழுதுகிறது. இந்தக் கருத்து பாதிதான் உண்மை. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு நஷ்டத்தைத் தருவது அதன் மறுபாதி.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். வங்கி நகைக்கடனுக்கு ஆண்டுக்கு ஒன்பது, பத்து சதவீத வட்டி. பர்சனல் லோனுக்கு நல்ல சிபில் ஸ்கோர் உள்ளவரிடம் பதினொன்று முதல் பதினைந்து, மற்றவர்களிடம் இருபதுக்கும் மேல். நகைக்கடனுக்குச் சம்பளச் சீட்டு வேண்டாம், ஜாமீன் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் பணம் வந்துவிடும். கட்ட முடியாமல் போனாலும் நகைதான் போகும், வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

குறுகிய காலத்துக்கு இது அசைக்க முடியாத வாதம். 3,00,000 ரூபாய் மூன்று மாதத்துக்கு மட்டும் தேவை என்று வைத்துக்கொள்வோம். 9.5 சதவீதத்தில் நகைக்கடன் வட்டி 7,125 ரூபாய், அதோடு சிறு கட்டணங்கள். அதே தொகையை 14 சதவீத பர்சனல் லோனாக வாங்கி மூன்று தவணை கட்டிவிட்டு முடித்தால், வட்டி சுமார் 10,100. செயலாக்கக் கட்டணம் இரண்டு சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 7,080. முன்கூட்டியே முடிப்பதற்கு மீதி அசலில் நான்கு சதவீதம் கேட்டால் ஜி.எஸ்.டி.யோடு சுமார் 12,600. மொத்தம் 30,000-ஐ நெருங்குகிறது. சீட்டுப் பணமோ, பி.எஃப். பணமோ, விற்ற மனையின் பாக்கியோ மூன்று மாதத்தில் வருவது உறுதி என்றால், நகையை வைப்பதுதான் புத்திசாலித்தனம். அதில் எனக்குச் சண்டையில்லை.

ஆனால் அவசரம் என்று நகையை எடுத்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு மூன்றாம் மாதத்தில் மூன்று லட்சம் வரப்போகிறது? அப்பாவின் அறுவைச் சிகிச்சை, மகளின் கல்லூரிக் கட்டணம், நின்றுபோன தொழில் இவற்றுக்குத்தான் நகை வெளியே போகிறது. திரும்பி வர வேண்டிய பணமோ மாதச் சம்பளத்தில் மிஞ்சுவது. இவர்களுக்கும் அதே அறிவுரையைக் கொடுக்கிறோமே, அதற்குத்தான் என் மறுப்புகள்.

1. வட்டி விகிதம் கடனின் விலை ஆகாது

எத்தனை சதவீதம் என்பது கணக்கில் ஒரு பங்குதான். எவ்வளவு அசலுக்கு, எவ்வளவு காலம் என்பவை மற்ற இரண்டு. பொதுக்கருத்து முதல் எண்ணை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 45,000 ரூபாய் சம்பளம், மருத்துவமனைக்கு 3,00,000 வேண்டும், வயிற்றைக் கட்டினால் மாதம் 14,000, 15,000 ஒதுக்கலாம். 14 சதவீதத்தில் 24 மாத பர்சனல் லோன் வாங்கினால் தவணை சுமார் 14,400. இரண்டு ஆண்டில் மொத்த வட்டி சுமார் 45,700. செயலாக்கக் கட்டணம் 7,080. ஆக, செலவு ஏறக்குறைய 52,800 ரூபாய். அதோடு கடன் தீர்ந்துவிட்டது.

நகையை வைத்தால்? பெரும்பாலான குடும்பங்கள் வாங்குவது ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகை. ஆண்டு வட்டி 28,500. அதைக் கட்டி மாற்றி வைக்கிறார்கள். இரண்டாம் ஆண்டும் 28,500. இரண்டு ஆண்டில் கட்டியது 57,000. அசல் 3,00,000 அப்படியே நிற்கிறது, நகை இன்னும் பெட்டகத்தில். அதிக வட்டிக் கடன் 52,800 ரூபாயில் முடிந்த இடத்தில், குறைந்த வட்டிக் கடன் 57,000 வாங்கிக்கொண்டு முதல் நாளில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கணக்குத் தெரிந்தவர் உடனே குறுக்கிடுவார்: நகை வைத்தவர் மாதம் 14,400 கட்டவில்லையே, அந்தப் பணம் அவர் கையில்தானே இருந்தது? தாளில் அது சரி. அந்தப் பணத்தை மாதாமாதம் தொடர் வைப்பில் போட்டிருந்தால் வாதம் அவர் பக்கம். போடாதவருக்கு அந்தப் பணம் பள்ளி வேனுக்கும், பண்டிகைக்கும், வண்டி ரிப்பேருக்கும் போய்விட்டிருக்கும். பணம் கையில் இருந்தது என்ற வாதம், அது கையிலேயே நின்றது என்று நிரூபித்த பிறகுதான் செல்லும்.

2. எந்த நகைக்கடனை எந்த பர்சனல் லோனோடு ஒப்பிடுகிறீர்கள்?

திண்ணைக் கணக்கில் நடக்கும் மோசடி இதுதான். ஒரு பக்கம் பொதுத்துறை வங்கியின் நகைக்கடன் வட்டி, மறுபக்கம் செயலி வழியாகக் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பர்சனல் லோன் வட்டி. முன்னதில் மிகக் குறைந்ததையும் பின்னதில் மிக அதிகமானதையும் எடுத்து நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா என்கிறார்கள்.

உண்மையில் அவசரம் வருவது சனிக்கிழமை மாலையில். வங்கி மூடியிருக்கிறது, அல்லது மதிப்பீட்டாளர் வியாழக்கிழமைதான் வருவார். முக்கில் இருக்கும் தனியார் நிதி நிறுவனம் திறந்திருக்கிறது. அங்கே வாசலில் எழுதியிருக்கும் வட்டி ஒன்று, கிராமுக்கு அதிகப் பணம் கேட்டால் போடும் வட்டி வேறு. மாதாமாதம் வட்டியைக் கட்டினால் தள்ளுபடி, நாள் தாண்டினால் அந்தத் தள்ளுபடி போய்விடும் என்ற திட்டங்களும் உண்டு. முதல் மாதம் பன்னிரண்டாக இருந்தது, கவனிக்காமல் விட்டால் இருபதைத் தாண்டும். 22 சதவீதத்தில் 3,00,000-க்கு ஓராண்டு வட்டி மட்டும் 66,000 ரூபாய். மேலே சொன்ன பர்சனல் லோனின் இரண்டு ஆண்டு மொத்தச் செலவைவிட இது அதிகம்.

பர்சனல் லோன் விற்பவர்களும் யோக்கியர்கள் இல்லை. 'பன்னிரண்டு சதவீதம் ஃபிளாட்' என்பார்கள். அதாவது நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் முழு 3,00,000-க்கும் இரண்டு ஆண்டுக்கு 72,000 வட்டி. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது சுமார் 21.6 சதவீதம். கேட்காமலே காப்பீடு ஒன்றையும் கடனில் சேர்த்துவிடுவார்கள்.

இரு தரப்பின் வாய்ப்பேச்சையும் நம்ப வேண்டிய தேவை இப்போது இல்லை. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துக்கு முன்பே முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த ஆண்டுச் செலவு ஏ.பி.ஆர். என்ற ஒரே எண்ணாக அதில் இருக்கும். அந்த எண்ணை எதிரெதிரே வைத்துப் பேசுவதுதான் ஒப்பீடு.

3. மாதத் தவணை இல்லை என்பது வரமா?

"மாசாமாசம் கட்டுற தொல்லை இல்லை" என்பதுதான் நகைக்கடனுக்குச் சொல்லப்படும் இரண்டாவது பெருமை. தொல்லை தீரவில்லை, பன்னிரண்டாம் மாதத்தின் கடைசி நாளுக்கு மொத்தமாக ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மாதம் 14,400 கட்டச் சிரமப்படும் குடும்பம், ஒரே நாளில் 3,28,500 ரூபாயை எங்கிருந்து கொண்டுவரும்?

கொண்டுவர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மாற்றி வைப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்தச் சடங்குக்கும் நிபந்தனைகள் உண்டு. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் கடன் தருவோர் எல்லோரும் கைக்கொள்ளச் சொன்ன விதிகளின்படி, சொந்தச் செலவுக்காக வாங்கும் இந்த வகைக் கடனின் காலம் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே புதுப்பிக்க முடியும். கடன் வாராக்கடனாக மாறியிருக்கக் கூடாது. நகையின் அன்றைய மதிப்பும் போதுமானதாக இருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய மாதங்களில், அசலையும் முழுதாகக் கட்டித் திருப்பினால்தான் மறுபடி வைக்க முடியும் என்று பல வங்கிகள் சொன்னபோது தமிழ்நாட்டில் எழுந்த கூக்குரலை நினைத்துப் பாருங்கள். நகையைத் திருப்புவதற்கு ஒரு நாள் வட்டிக்கு வெளியே பணம் வாங்கி, திருப்பி, அதே நகையை அன்றே மறுபடி வைத்து, அந்த ஒரு நாள் கடனை அடைத்தவர்கள் பலர். ஒன்பது சதவீதக் கடனைக் காப்பாற்றக் கந்துவட்டியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அந்தச் செலவை எந்த ஒப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை.

தங்கம் விலை ஏறும்போது இன்னொரு குழி. "உங்க நகைக்கு இன்னும் அறுபதாயிரம் தரலாம்" என்று அழைப்பு வரும். திருப்புவதற்காக வைத்த நகைமேல் கடன் வளரும். மாதத் தவணைக் கடனில் ஒவ்வொரு மாதமும் அசல் தேய்கிறது. இங்கே விலை ஏறுவதே அசலை ஏற்றிவிடுகிறது.

4. 'நகைதானே போகும்' என்பவர் அதன் விலையைச் சொல்லட்டும்

கணக்கு எளிதாக இருக்க, ஆபரணத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய விதிப்படி இரண்டரை லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரையிலான கடன், நகை மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனில் அந்த 80 சதவீதத்துக்குள் வட்டியும் அடங்க வேண்டும். 3,28,500-ஐ ஈடுகட்ட கல், அரக்கு நீக்கிய எடையில் 42 கிராம், அதாவது ஐந்தே கால் பவுன் வைக்க வேண்டும். மதிப்பு 4,20,000.

கட்ட முடியவில்லை, பதினைந்தாம் மாதத்தில் ஏலம். அபராதம், அறிவிப்பு, ஏலச் செலவு எல்லாம் சேர்த்து பாக்கி 3,40,000 என்று வைப்போம். ஏலத்தின் அடித்தள விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85 வரை இறக்கலாம். 90-லேயே போனால் 3,78,000. மிச்சம் 38,000 உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ஆக, அந்த நகைக்கு உங்கள் கைக்கு வந்தது மொத்தம் 3,38,000.

அதே நகையைக் கடையில் திரும்ப வாங்கிப் பாருங்கள். தங்கம் 4,20,000. செய்கூலி, சேதாரம் பத்து சதவீதம் என்றால் 42,000. ஜி.எஸ்.டி. மூன்று சதவீதம். பில் 4,75,860 ரூபாய். இடைவெளி சுமார் 1,38,000. 'நகைதானே' என்ற சொல்லின் விலை இது.

தங்கம் ஏறினால் இந்த இழப்பு குறையும் என்று நினைக்க வேண்டாம். ஏலத்துக்குள் விலை 20 சதவீதம் ஏறியிருந்தால் மிச்சமாக வருவது கூடும், திரும்ப வாங்கும் விலை அதைவிடக் கூடும். இதே கணக்கில் இடைவெளி சுமார் 1,57,000 ஆகிறது. விலை இறங்கினாலோ, கூடுதல் நகை கொண்டுவா அல்லது அசலில் கொஞ்சம் கட்டு என்று அழைப்பு வரும். தங்கம் இறங்காது என்பவர்கள் 2013 ஏப்ரலை மறந்துவிட்டார்கள். இரண்டே வேலை நாளில் உலகச் சந்தையில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. ஏலத் தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதியைக் கேட்கும் உரிமையும் கடன் கொடுத்தவருக்கு உண்டு. ஏலத்துக்குப் போன கடன் சிபில் அறிக்கையிலும் பதியும்.

பர்சனல் லோன் தவறினால் தொல்லை பெரிது, அதை மறைக்கவில்லை. தவணை திரும்பும்போதெல்லாம் அபராதம், வசூலிப்பவர்களின் அழைப்புகள், ஸ்கோர் சரிவு, வங்கிக் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியதற்காக வழக்கு வரைக்கும் போகலாம். ஆனால் முதல் மாதமே அது சத்தம் போடுகிறது. காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேட்க வழி இருக்கிறது. நகைக்கடன் பன்னிரண்டு மாதம் மௌனமாக இருந்துவிட்டு, ஒரு பதிவுத் தபாலில் பேசத் தொடங்குகிறது. அப்போது பேரம் பேச அவகாசம் இல்லை.

5. கடன் ஒருவருடையது, பிணை இன்னொருவருடையது

இந்த விவாதம் முழுதும் 'வீட்டில் இருக்கும் நகை' என்றே பேசுகிறது. அது யாருடைய நகை? பெரும்பாலான வீடுகளில் மனைவியின் சீதனம், அல்லது அம்மாவின் வளையல். 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஸ்ரீதனம் பெண்ணின் முழு உரிமைச் சொத்து, கணவர் அதில் பங்காளி ஆகிவிடுவதில்லை.

பர்சனல் லோனில் சம்பாதிப்பவரின் சம்பளமும் பெயரும் பணயம். நகைக்கடனில் சம்பாதிப்பவர் கையெழுத்துப் போடுகிறார், தவறினால் இழப்பது அவர் மனைவி. நின்றுபோன தொழிலுக்காகக் கணவர் எடுத்த முடிவின் ஆபத்து, அவளுக்கென்று இருந்த ஒரே சொத்தின்மேல் விழுகிறது. குறைந்த வட்டி எங்கிருந்து வருகிறது? கடன் கொடுப்பவரின் ஆபத்து குறைவதிலிருந்து. அது காற்றில் கரைவதில்லை, வீட்டுக்குள் ஒருவர் தலையில் மாற்றி வைக்கப்படுகிறது. இதைக் கணக்கில் சேர்க்காமல் மலிவு என்று சொல்வது, அவளுடைய சொத்துக்கு விலையே இல்லை என்று சொல்வது.

அப்படியானால் கட்டுப்பாடாகக் கட்டுபவருக்கு?

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான கேள்வி இது. வங்கியில் 9.5 சதவீதத்துக்கு நகையை வைத்து, மாதத் தவணை முறையிலேயே 24 மாதம் கட்டினால் தவணை சுமார் 13,770, மொத்த வட்டி சுமார் 30,600. பர்சனல் லோனைவிட 20,000 ரூபாய்க்கும் மேல் மிச்சம். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் இல்லை. நகைக்கு உரியவர் ஒப்புதல் தந்து, வங்கி மாதத் தவணை நகைக்கடன் தர முன்வந்தால், இருப்பதிலேயே சிறந்தது அதுதான். சம்பளச் சீட்டே இல்லாத விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் பர்சனல் லோன் கிடைக்காது, கிடைத்தாலும் முப்பது சதவீதத்தில் கிடைக்கும். அவர்களுக்கு அறுவடை அல்லது வசூல் தேதியைப் பார்த்து நகையை வைப்பது நியாயம்.

ஆனால் கவனியுங்கள், இங்கே ஜெயித்தது வெறும் குறைந்த வட்டி இல்லை. மாதாமாதம் தேயும் அசல்தான் அந்த வட்டியைச் செல்லுபடியாக்கியது. அசல் வரும் தேதியைச் சொல்ல முடிந்தவர் நகையை வைக்கட்டும். சொல்ல முடியாமல் சம்பளம் மட்டும் உள்ளவர், தவணை முறை நகைக்கடனைக் கேட்கட்டும், அது இல்லையென்றால் ஏ.பி.ஆர். பார்த்து பர்சனல் லோன் வாங்கட்டும்.

தேதியும் இல்லை, தவணை கட்ட வருமானமும் இல்லை என்றால்? அப்போது நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் வழிதான் மலிவு. மேலே சொன்ன 42 கிராமில் 31 கிராமை மூன்று சதவீதக் கழிவோடு விற்றால் 3,00,000 கிடைத்துவிடும், 11 கிராம் வீட்டில் மிஞ்சும். ஏலத்துக்குப் போனால் 42 கிராமும் போய் 38,000 ரூபாய் கைக்கு வரும். விற்பதைத் தோல்வி என்றும் அடகு வைப்பதை மானம் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். மீட்க முடியாத நகைக்கு அந்த மானத்தின் விலை, 10,000 ரூபாய் கிராம் கணக்கில், எழுபதாயிரத்துக்கும் மேல்.